குடும்ப ஓய்வூதியத்துக்கு ‘மறுமணம் செய்துகொள்ளவில்லை’ என்ற சான்று: அடிக்கடி வரும் கேள்விகள்

கருவூல வாசலிலும் இ-சேவை மையங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாடு அரசுப் பணியில் இருந்தவரின் மனைவி, கருவூலம் வழியாக வாங்கும் குடும்ப ஓய்வூதியத்தைத்தான் முதன்மையாக எடுத்துக்கொண்டுள்ளோம். மத்திய அரசு ஓய்வூதியமும் பி.எஃப். ஓய்வூதியமும் எங்கே மாறுபடுகின்றன என்பது பின்னால் வருகிறது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறோம்.

அப்பா இறந்த துக்கமே இன்னும் ஆறல. அதுக்குள்ள அம்மா மறுமணம் செய்யலன்னு சான்று கேக்குறாங்க. இது எதுக்கு?

தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இல் 49-ஆம் விதிதான் காரணம். கணவரோ மனைவியோ வாங்கும் குடும்ப ஓய்வூதியம், அவர் இறக்கும் நாள் அல்லது மறுமணம் செய்துகொள்ளும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் என்று அந்த விதி சொல்கிறது. ஆகவே பணம் கொடுக்கும் அலுவலகம் இரண்டு விஷயங்களை உறுதி செய்தாக வேண்டும்: வாங்குபவர் உயிரோடு இருக்கிறாரா, மறுமணம் ஆகவில்லையா. முதலாவதற்கு வாழ்நாள் சான்று, இரண்டாவதற்கு இந்தச் சான்று.

எழுபது வயது அம்மாவிடம் இதைக் கேட்பது மனசை நோகடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அவர்மேல் சந்தேகப்பட்டு யாரும் கேட்கவில்லை. மனைவியை இழந்த கணவரிடமும் இதே கேள்விதான், இருபத்தைந்து வயதுப் பெண்ணிடமும் இதே கேள்விதான். வீட்டில் இதை அம்மாவிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அலுவலக மேஜை முன் முதல்முறையாகக் கேட்கும்போதுதான் பல அம்மாக்கள் உடைந்து அழுதுவிடுகிறார்கள்.

இந்தச் சான்று யாரு குடுப்பாங்க? வி.ஏ.ஓ.வா, தாசில்தாரா?

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். இதில் அடிப்படை அந்த அம்மாவே கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிதான். ‘நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை’ என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அதிகாரி செய்வது, இன்னார்தான் இதைச் சொன்னார், எனக்குத் தெரிந்தவரை இது சரி என்று மேலொப்பம் இடுவது.

மேலொப்பம் இடக்கூடியவர்கள் யார் என்பதற்கு, கருவூலத்தில் நேரில் வர முடியாதவர்களுக்கான வாழ்நாள் சான்றுப் பட்டியலே நடைமுறையில் பின்பற்றப்படுகிறது. ஓய்வூதியக் கணக்கு உள்ள வங்கிக் கிளையின் மேலாளர், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர், அதாவது கெசட்டட் ஆபீசர், தாசில்தார், துணைத் தாசில்தார், வருவாய் ஆய்வாளர். இவர்களில் ஒருவர் போதும். கிராம நிர்வாக அலுவலர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய அறிக்கை தாசில்தார் சான்றுக்கு அடிப்படையாக இருக்குமே தவிர, தனியாக வி.ஏ.ஓ. முத்திரையோடு கொண்டுபோனால் பெரும்பாலும் திரும்பி வரும்.

கெசட்டட் ஆபீசர் என்றதும் பெரிய அலுவலகங்களைத் தேடி ஓட வேண்டாம். அரசு மருத்துவமனை மருத்துவரும் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரும் கெசட்டட்தான். ஓய்வு பெற்றுவிட்ட அதிகாரி, கவுன்சிலர், கட்சிப் பிரமுகர் ஆகியோரின் கையெழுத்து செல்லாது.

யாருகிட்டயும் போகாம முடிக்க வழியே இல்லையா?

இருக்கிறது. அம்மாவால் நடமாட முடியும் என்றால் எல்லாவற்றையும்விட எளிய வழி இதுதான்: அவரையே நேராகக் கருவூலத்துக்கோ சார் கருவூலத்துக்கோ அழைத்துப் போய்விடுங்கள். ஓய்வூதியப் புத்தகத்தில், எல்லோரும் பி.பி.ஓ. என்று சொல்வதில், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒட்டியிருக்கும். அலுவலர் அந்தப் படத்தையும் ஆதாரையும் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்வார். உறுதிமொழியில் அவர் முன்னாலேயே கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் ஆயிற்று. வெளி அதிகாரியின் மேலொப்பம் என்பது நேரில் வராதவர்களுக்காக ஏற்பட்டது.

பிள்ளைகள் பலர், அம்மாவை எதற்கு அலைக்கழிப்பது என்று தாங்களே நாலு அலுவலகம் ஏறி இறங்குகிறார்கள். ஒருமுறை ஆட்டோவில் அழைத்துப்போய்க் காத்திருந்து வருவது, பல நேரங்களில் அவருக்கும் சிரமம் குறைவு.

முதல் தடவை குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போறப்ப என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

மறுமணச் சான்றைப் பொறுத்தவரை பார்க்கப்படுபவை இவை: கணவரின் இறப்புச் சான்று (அசலும் நகலும்), பி.பி.ஓ. புத்தகம், அம்மாவின் ஆதார், குடும்ப அட்டை, அவர் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் மூன்று. பான் அட்டை இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு வாழ்நாள் சான்றும் மறுமணம் இல்லை என்ற உறுதிமொழியும் போகும்.

பி.பி.ஓ.வில் குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மாவின் பெயர் ஏற்கெனவே குறிப்பிடப்பட்டிருந்தால் கருவூலமே வழங்கத் தொடங்கிவிடும். பெயர் இல்லை என்றால் கணவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகம் வழியாக மாநிலக் கணக்காயருக்குக் கருத்துரு போக வேண்டும். அப்போது மறுமணச் சான்றும் அந்தக் கோப்போடு போவதால், பிரதி ஒன்றைக் கட்டாயம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு சென்னையில் இருக்கும்போது இங்கே யாராவது அதைக் கேட்டால் காட்ட ஒன்று வேண்டும்.

மறுமணம் ஆகலன்னு நிரூபிக்க என்ன ஆதாரம் காட்டுறது? நடக்காத ஒண்ணுக்கு எப்படி ஆதாரம் இருக்கும்?

சரியான கேள்வி. நடக்காததற்கு ஆவணம் கிடையாது. ஆகவே அலுவலர் பார்ப்பது, கையில் உள்ள ஆவணங்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதைத்தான். குடும்ப அட்டையில் அம்மா தலைவியாகவோ மகனோடோ இருக்கிறார், வாக்காளர் அட்டையில் கணவர் பெயராக இறந்தவர் பெயரே இருக்கிறது, ஆதார் முகவரியும் அதோடு ஒத்துப்போகிறது என்றால் கேள்வி எழாது.

தாசில்தாரிடம் மனுக் கொடுத்துச் சான்று வாங்கும்போது மட்டும் கள விசாரணை நடக்கும். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்தோ, அக்கம்பக்கத்தார் இரண்டு பேரிடம் கேட்டோ அறிக்கை எழுதுவார். அது வருவாய் ஆய்வாளர் வழியாக மேலே போகும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்பே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். வந்தவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் ‘எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க’ என்று சொல்லிவிட்டால் அறிக்கை அப்படியே கிடப்பில் போகும்.

சான்றுல என்ன எழுதியிருக்கணும்? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

கருவூலத்தில் அச்சிட்ட படிவம் கொடுத்தால் அதையே பயன்படுத்துங்கள். வாங்குபவர் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் கருவூலம் சரிபார்ப்பதைத்தான் நேர்காணல் என்கிறார்கள்; அந்தப் படிவத்திலேயே மறுமணம் குறித்த வரி இருந்தால் தனித் தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னால் இப்படி எழுதலாம்:

> காலஞ்சென்ற திரு. ________ (ஓய்வூதியப் புத்தக எண் ________) அவர்களின் மனைவியாகிய ________ ஆகிய நான், என் கணவர் இறந்த நாளான __.__.____ முதல் இன்று வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை என உறுதி கூறுகிறேன். இனி மறுமணம் செய்துகொள்ள நேர்ந்தால் உடனே கருவூலத்துக்குத் தெரிவிப்பேன். அதற்குப் பிறகு பெறும் தொகையைத் திருப்பிச் செலுத்தவும் சம்மதிக்கிறேன்.
>
> இடம், நாள், கையொப்பம் அல்லது இடது பெருவிரல் ரேகை
>
> மேற்கண்டவர் இன்று என் முன் நேரில் வந்து கையொப்பமிட்டார். எனக்குத் தெரிந்தவரையிலும் காட்டப்பட்ட ஆவணங்களின்படியும் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை எனச் சான்றளிக்கிறேன்.
>
> அலுவலர் கையொப்பம், பெயர், பதவி, அலுவலக முத்திரை, நாள்

இதில் மிகவும் முக்கியமானவை ‘முதல்’, ‘வரை’ என்ற இரண்டு சொற்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்று இல்லாத சான்றால் கருவூலத்துக்குப் பயனில்லை. கைநாட்டு என்றால் பக்கத்தில் இன்னாருடைய இடது பெருவிரல் ரேகை என்று எழுதி, தெரிந்தவர் இருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும்.

அம்மா படுத்த படுக்கை. ஆபீசர் முன்னாடி எப்படி வருவாங்க?

வங்கி மேலாளரையோ அரசு மருத்துவரையோ வீட்டுக்கு வரும்படி கேட்டுக்கொள்ளலாம். அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரசு மருத்துவர் ஒருவர் இருந்தால் அவரே பொருத்தமானவர்.

ஆண்டு நேர்காணலுக்கு மட்டும் என்றால் தபால்காரரை வரவழைப்பது இன்னும் சுலபம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரர் வீட்டுக்கே வந்து மின்னணு வாழ்நாள் சான்று எடுத்துக்கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். விரல் ரேகை தேய்ந்து பதியாமல் போவது முதியவர்களிடம் சகஜம். அப்படி ஆனால் முக அடையாள முறையில் முயற்சி செய்யச் சொல்லுங்கள்.

மின்னணு வாழ்நாள் சான்று எடுத்தாச்சு. அப்புறமும் மறுமணச் சான்று தனியா குடுக்கணுமா?

ஜீவன் பிரமாண் எனப்படும் அந்த மின்னணுச் சான்றைப் பதிவு செய்யும்போதே ‘மறுமணம் ஆகிவிட்டதா’ என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ‘இல்லை’ என்று பதிவு செய்வதே அந்த ஆண்டுக்கான உறுதிமொழி. தனித் தாள் தேவைப்படாது.

ஆனால் தவறு நடப்பதும் அங்கேதான். மையத்தில் இருப்பவர் அவசரத்தில் அந்தக் கேள்வியைக் கவனிக்காமல் ‘ஆம்’ என்று தட்டிவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகும். என்ன காரணம் என்று இரண்டு மூன்று மாதம் யாருக்கும் புரியாது. பொத்தானை அழுத்தும் முன் திரையை அம்மாவோ நீங்களோ ஒருமுறை படித்துப் பாருங்கள். முடிந்ததும் கைபேசிக்கு வரும் பிரமாண் எண்ணைக் குறித்துக்கொண்டு, jeevanpramaan.gov.in தளத்தில் சான்றை இறக்கி மறுமணம் என்ற வரியைச் சரிபாருங்கள். தவறாக இருந்தால் அன்றே சரியான விவரத்தோடு புதிதாக ஒன்று எடுத்து, அதன் அச்சுப் பிரதியைக் கருவூலத்தில் கொடுத்துவிடுங்கள்.

பேங்குலதான பணம் வருது? சான்றைப் பேங்குலயே குடுத்தா போதாதா?

மாநில அரசு ஓய்வூதியம் என்றால் போதாது. பணத்தை அனுப்புவது கருவூலம். வங்கியில் அம்மாவுக்குக் கணக்கு இருக்கிறது, அவ்வளவுதான். வங்கியில் கொடுத்த தாள் கருவூலத்துக்குப் போய்ச் சேராது. ‘போன வருஷமே பேங்குல குடுத்தேனே’ என்று சொல்லிக்கொண்டு ஓய்வூதியம் நின்றபின் வருபவர்கள் ஏராளம்.

மத்திய அரசு ஓய்வூதியத்தில் இது நேர்மாறு. பல துறைகளில் வங்கியின் ஓய்வூதிய மையமே கணக்கிட்டு வழங்குவதால் சான்று வங்கிக்குத்தான் போக வேண்டும். பி.பி.ஓ. முதல் பக்கத்தில் எந்த அலுவலகம் வழங்குகிறது என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நடங்கள்.

இ-சேவையில விதவைச் சான்று 60 ரூபாய் கட்டி வாங்கி வச்சிருக்கோம். அதையே குடுக்கலாமா?

துணை ஆவணமாகக் கொடுக்கலாம், பதிலாகக் கொடுக்க முடியாது. விதவைச் சான்று, இன்னாரின் கணவர் இறந்துவிட்டார் என்பதைச் சொல்வது. அதை வாங்கிய நாளுக்குப் பிறகு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய விதவைச் சான்றை இன்றைய மறுமணச் சான்றாக ஏற்க மறுப்பது இதனால்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘ஆதரவற்ற விதவைச் சான்று’ என்பது வேறு. அது வேலைவாய்ப்பு முன்னுரிமைக்காகக் கோட்டாட்சியர் நிலையில் தரப்படுவது, அதற்கு வருமான வரம்பும் உண்டு. குடும்ப ஓய்வூதியத்துக்கு அது தேவையே இல்லை. யாரோ சொன்னார்கள் என்று அதற்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

எல்லாம் சரியாத்தான் குடுத்தோம், திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க தப்பு?

எடுத்துக்காட்டு ஒன்றைப் படிப்படியாகப் பார்ப்போம். ஓய்வு பெற்ற ஆசிரியர் 14.6.2024 அன்று இறந்தார். மகன் 20.6.2024 அன்று வி.ஏ.ஓ.விடம் ஒரு கடிதம் வாங்கிக் கருவூலத்தில் கொடுத்தார். அதில் ‘மேற்படி நபரின் கணவர் இறந்துவிட்டார், இவர் விதவை’ என்று இருந்தது. பி.பி.ஓ.வில் மனைவி பெயர் ‘முத்துலட்சுமி’, ஆதாரில் ‘முத்துலெட்சுமி’, வங்கிக் கணக்கில் முன்னெழுத்து வேறு.

தாள் திரும்பியதற்கு மூன்று காரணங்கள். கையெழுத்திட்டவர் பட்டியலில் இல்லாதவர். மறுமணம் என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. பெயர் மூன்று இடத்தில் மூன்று விதம். மகன் செய்ய வேண்டியிருந்தது இதுதான்: கணக்கு உள்ள வங்கி மேலாளர் முன் அம்மாவை உட்காரவைத்து, 14.6.2024 முதல் 8.7.2024 வரை மறுமணம் இல்லை என்ற வாசகத்தில் 8.7.2024 அன்று சான்று வாங்குவது. அதிலேயே ‘முத்துலட்சுமி என்கிற முத்துலெட்சுமி’ என்று இரண்டு வடிவத்தையும் எழுதி, இருவரும் ஒருவரே என்று மேலாளரிடம் ஒரு வரி சேர்த்து வாங்குவது. தாமதமாகக் கொடுத்தாலும் பணம் போய்விடாது. இறந்த மறுநாளான 15.6.2024 முதலே குடும்ப ஓய்வூதியம் கணக்கிடப்பட்டு நிலுவையாக வரும்.

வேறு சில சின்னக் காரணங்களும் உண்டு. முத்திரையில் பதவி மட்டும் இருந்து அதிகாரியின் பெயர் இல்லாமல் இருப்பது, கையெழுத்து பாதி படத்திலும் பாதி தாளிலுமாக விழாமல் இருப்பது, வெள்ளை மையால் நாளைத் திருத்தியிருப்பது. பச்சை மையில் கையெழுத்து இல்லை என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். அது வழக்கமே தவிர, பெயரும் பதவியும் முத்திரையும் தெளிவாக இருப்பதுதான் முக்கியம்.

முன்தேதி, பின்தேதி போட்டு வாங்கிக்கலாமா? டிசம்பர் வரைக்கும் சேர்த்து இப்பவே எழுதிட்டா வேலை முடியும்ல?

கூடாது. ஜூலையில் கையெழுத்திடுபவர் டிசம்பர் வரை மறுமணம் நடக்காது என்று சொல்ல முடியாது. சான்று எப்போதும் கையெழுத்திட்ட நாள்வரைதான் பேசும். அதைத் தாண்டிய நாள் இருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பும்.

அதிகாரி முன்தேதியிட்டுக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பொய்யெனத் தெரிந்தே சான்று அளிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 234-ஆம் பிரிவின்படி குற்றம், அதை உண்மைபோலப் பயன்படுத்துவது 235-ஆம் பிரிவின்படி குற்றம். ஆளைப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன் என்று ஓர் அதிகாரி சொன்னால், அவர் செய்வது சரி.

கணவர் இறந்து ஆறேழு வருஷம் ஆச்சு. இப்பத்தான் விண்ணப்பிக்கிறோம். என்ன வித்தியாசம்?

மறுமணச் சான்று முழு இடைவெளியையும் தாங்க வேண்டும். இறந்த நாள் முதல் இன்றுவரை என்று இருக்க வேண்டும். இந்த ஆண்டுக்கு மட்டும் எழுதினால் பழைய நிலுவை நிற்கும். வங்கி மேலாளர் ஏழு வருடத்துக்குச் சான்று சொல்லத் தயங்குவது இயல்பு, அவர் போன வருடம்தான் கிளைக்கு வந்திருப்பார். இந்த மாதிரி நிலைமைக்குத் தாசில்தார் சான்றே ஏற்றது, ஏனென்றால் அதற்குப் பின்னால் கள விசாரணை இருக்கிறது. இடையில் ஊர் மாறியிருந்தால் பழைய ஊர் முகவரி உள்ள ஆவணம் ஒன்றையும் இணைத்துவிடுங்கள்.

கோவில்ல மாலை மாத்திக்கிட்டாங்க, ரிஜிஸ்டர் பண்ணல. இது மறுமணம் ஆகுமா?

ஆகும். தமிழ்நாட்டில் 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவின்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அது செல்லும் திருமணம். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் பதிவு செய்யவில்லை என்பதால் திருமணம் இல்லை என்று ஆகிவிடாது. பதிவுத் தாள் இல்லையே என்ற தைரியத்தில் ‘மறுமணம் இல்லை’ என்று கையெழுத்திடுவது பொய்யான உறுதிமொழிதான்.

மறுமணம் செஞ்சுக்கிட்டாங்க, சொல்ல மறந்துட்டாங்க. இப்ப என்ன ஆகும்?

மறுமண நாளுக்குப் பிறகு வாங்கிய தொகை முழுவதும் திரும்ப வசூலிக்கப்படும். கணக்கு இப்படி வரும்: மாதம் 15,000 ரூபாய் வாங்கியவர் 10.9.2023 அன்று மறுமணம் செய்துகொண்டு, 31.3.2024 வரை வாங்கியிருந்தால், செப்டம்பரில் மீதி 20 நாளுக்கு 10,000, அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்துக்கு 90,000, ஆக ஒரு லட்சம். தாமதிக்கத் தாமதிக்க இது ஏறும். ஆகவே தாமாகவே எழுத்தில் தெரிவித்து, தவணையில் கட்ட அனுமதி கேட்பதே நல்லது. நேர்காணலில் இன்னொரு பொய்க் கையெழுத்து போட்ட பிறகு மறதி என்று சொல்ல முடியாது.

இறந்தவருக்குக் குழந்தைகள் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அம்மாவின் உரிமை முடிந்ததும் 25 வயதுக்குட்பட்ட தகுதியுள்ள பிள்ளைக்கு அது போகும். மைனர் என்றால் பாதுகாவலர் மூலம் பெறலாம். மறுமணத்தை மறைப்பதால் குழந்தைக்குச் சட்டப்படி வர வேண்டிய பணமும் குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறது.

மத்திய அரசு, பி.எஃப். பென்ஷன்ல இதே விதிதானா?

இல்லை. மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியத்தில் விதவை ஆண்டுதோறும் மறுமணச் சான்று தர வேண்டும் என்று இல்லை. தொடங்கும்போது, மறுமணம் ஆனால் தெரிவிப்பேன் என்று ஒரு உறுதிமொழி வாங்கிக்கொள்வார்கள். மனைவியை இழந்த கணவரும் மணமாகாத மகளும்தான் குறித்த இடைவெளியில் தர வேண்டியவர்கள். அதோடு, குழந்தை இல்லாத விதவை மறுமணம் செய்துகொண்டாலும், அவருடைய வேறு வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதிய அளவைவிடக் குறைவாக இருக்கும்வரை தொடர்ந்து பெறலாம். ஏழாவது ஊதியக் குழுப்படி அந்த அளவு 9,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும். மாநில விதியில் இந்தச் சலுகை இருப்பதாக நினைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

பி.எஃப். வாரியத்தின் 1995 ஓய்வூதியத் திட்டத்திலும் விதவை ஓய்வூதியம் மறுமணம் வரைதான். அங்கே ஆண்டு வாழ்நாள் சான்றோடு மறுமண விவரமும் போகும். மேலே ஜீவன் பிரமாண் பற்றிச் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்கும் பொருந்தும்.

அம்மா மகன்கூட வெளிநாட்டுல இருக்காங்க. யார்கிட்ட கையெழுத்து வாங்குறது?

அந்த நாட்டின் மாஜிஸ்திரேட், நோட்டரி, வங்கி அலுவலர், இந்தியத் தூதரக அலுவலர், இவர்களில் ஒருவரிடம் வாங்கித் தபாலில் கருவூலத்துக்கு அனுப்பலாம். நோட்டரி கையெழுத்து செல்வது வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத்தான். ஊரில் இருந்துகொண்டு முத்திரைத் தாளில் நோட்டரி பிரமாணம் எடுப்பவர்கள், மேலே சொன்ன பட்டியலில் உள்ள ஒருவரிடம் மறுபடியும் போக வேண்டியிருக்கும். அந்தச் செலவு வீண்.

நான் விதவை மகள். அப்பாவோட குடும்ப ஓய்வூதியத்துக்குக் கேக்குறேன். எனக்கும் இதே சான்றுதானா?

சான்றின் பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு. உங்கள் சான்று பேச வேண்டியது உங்கள் கணவர் இறந்த நாளிலிருந்து, அப்பா இறந்த நாளிலிருந்து அல்ல. பலர் அம்மாவுக்கு எழுதிய வாசகத்தை அப்படியே நகலெடுத்து அப்பாவின் பெயரையும் நாளையும் போட்டுவிடுகிறார்கள். அது திரும்பும்.

உங்களிடம் கணவரின் இறப்புச் சான்று தனியாகவும், அப்பா அம்மா இருவரின் இறப்புச் சான்றும், நீங்கள் அவர்களின் மகள்தான் என்பதற்கு வாரிசுச் சான்றும் வேண்டும். பி.பி.ஓ.வில் உங்கள் படம் இருக்காது, ஆகவே படத்தைப் பார்த்து அடையாளம் காணும் எளிய வழி உங்களுக்குக் கிடையாது. முதல் முறைக்கு வங்கி மேலாளர் கையெழுத்தை நம்பாமல், கள விசாரணையோடு வரும் தாசில்தார் சான்றையே வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பிறந்த வீட்டு முன்னெழுத்தும் கணவர் பெயரும் இரண்டுமே வரும்படி மனுவிலேயே எழுதிக் கொடுங்கள்.